கரண்ட் பில்லை நிலையான செலவு, மாறும் செலவு என்று பிரிப்பது எப்படி: ஹை-லோ முறையும் ரிக்ரஷனும் படிப்படியாக

காஸ்டிங் பாடத்தில் இந்தக் கணக்கு வரும்போது கேள்வியிலேயே இரண்டு பத்தி இருக்கும். ஒன்றில் மெஷின் ஓடிய மணி, இன்னொன்றில் செலவு. சூத்திரத்தில் போட்டால் விடை வந்துவிடும். வேலைக்குப் போன பிறகுதான் அந்த இரண்டு பத்தியை யாரும் தயார் செய்து கையில் தரமாட்டார்கள் என்பது தெரியும். ஒரு நிட்டிங் யூனிட்டின் மின் செலவைப் பிரித்துத் தரச் சொன்னபோது சூத்திரம் எனக்கு ஒரு தொந்தரவும் தரவில்லை. எந்த மாதத்து பில்லுக்கு எந்த நாட்களின் மணியைச் சேர்ப்பது, பில்லில் உள்ள எந்தத் தொகையை விடுவது என்பதில்தான் நேரமெல்லாம் போனது. சி.எம்.ஏ., சி.ஏ. தேர்வுக்குப் படிப்பவர்களும், காஸ்டிங் பிரிவில் புதிதாகச் சேர்ந்தவர்களும் அந்த அலைச்சல் இல்லாமல் செய்து முடிக்கவே இதை எழுதுகிறேன்.

மெஷின் ஓடாவிட்டாலும் ஒரு தொகை வந்தே தீரும், ஓடினால் ஓடிய அளவுக்கு அதற்கு மேல் கூடும் என்று இருக்கும் செலவுதான் பகுதி மாறும் செலவு. மின் கட்டணம் இதற்குச் சரியான உதாரணம். வாங்கி வைத்திருக்கும் லோடுக்கான நிலைக் கட்டணம் மாதாமாதம் வரும், யூனிட் கட்டணம் ஓட்டத்தைப் பொறுத்து வரும். நாம் தேடுவது `y = a + bx` என்ற கோட்டை. `y` மாத மொத்தச் செலவு, `a` நிலையான பகுதி, `b` ஒரு மணிக்கான மாறும் செலவு, `x` மெஷின் மணி.

## 1. முதலில் மூன்று ஆவணங்களை மேஜையில் வையுங்கள்

மின் வாரிய பில்கள், மெஷின் லாக் புக், மின் செலவுக் கணக்கின் லெட்ஜர். இந்த மூன்றும் வேண்டும். லெட்ஜரை மட்டும் வைத்துக்கொண்டு ஆரம்பித்துவிடாதீர்கள். அதில் மொத்தத் தொகைதான் இருக்கும், அந்தத் தொகைக்குள் என்னவெல்லாம் அடங்கியிருக்கிறது என்பது பில்லில்தான் தெரியும்.

பில்லில் முதலில் பார்க்க வேண்டியது ரீடிங் எடுத்த தேதி. ரீடிங் மாதக் கடைசியில்தான் எடுப்பார்கள் என்று இல்லை. 20ஆம் தேதி எடுத்திருந்தால், பிப்ரவரி பில் என்பது ஜனவரி 20 முதல் பிப்ரவரி 20 வரைக்கான மின்சாரம். லாக் புக்கிலிருந்தும் அதே நாட்களின் மணியைக் கூட்ட வேண்டும். பிப்ரவரி 1 முதல் 28 வரை கூட்டினால் ஒரு மாதத்து ஓட்டத்தை இன்னொரு மாதத்துச் செலவோடு கட்டிவைத்ததாகிவிடும். இதை எப்படிக் கண்டுபிடிப்பது? மணி கூடிய மாதத்தில் செலவு அப்படியே இருந்து, அடுத்த மாதத்தில் எகிறினால் தேதியைச் சந்தேகப்படுங்கள்.

எத்தனை மாதம் எடுப்பது என்பது அடுத்த கேள்வி. கூடுதலாக எடுப்பது நல்லதுதான், ஆனால் நடுவில் கட்டணம் மாறியிருக்கக் கூடாது. தமிழ்நாட்டில் 2023, 2024, 2025 என மூன்று ஆண்டும் ஜூலை 1 முதல் கட்டணம் திருத்தப்பட்டது. அதனால் மே, ஜூன், ஜூலை, ஆகஸ்ட் பில்களை அப்படியே ஒரே பட்டியலில் போட்டால், ஓட்டம் கூடியதால் ஏறிய செலவும் விலை ஏறியதால் ஏறிய செலவும் கலந்துவிடும். ஒன்று, திருத்தத்துக்கு ஒரே பக்கத்தில் உள்ள மாதங்களை மட்டும் எடுங்கள். இல்லையென்றால் பழைய பில்களைப் புதிய விலைக்கு மாற்றி எழுதிவிட்டு அப்புறம் சேருங்கள். நான் கீழே ஜனவரி முதல் ஜூன் வரை எடுத்திருப்பது இதற்காகத்தான்.

## 2. செலவுப் பத்தியைச் சுத்தம் செய்யுங்கள்

பில்லின் அடியில் உள்ள கட்ட வேண்டிய தொகை அப்படியே அந்த மாதத்து மின் செலவு ஆகிவிடாது. பழைய பாக்கி, தாமதக் கட்டணம், பவர் ஃபேக்டர் குறைந்ததற்கான கட்டணம், கூடுதல் வைப்புத்தொகை எல்லாம் அதில் ஒளிந்திருக்கலாம்.

வைப்புத்தொகை விஷயத்தில் தனிக் கவனம் வேண்டும். அது செலவே இல்லை, வாரியத்திடம் நம் பெயரில் இருக்கும் பணம். இருப்புநிலைக் குறிப்பில் சொத்தாகப் போக வேண்டியது. பில்லோடு சேர்த்துக் கட்டுவதால் கணக்கெழுதுபவர் மொத்தத்தையும் மின் செலவில் போட்டுவிடுவது சர்வசாதாரணம்.

நம் உதாரண யூனிட்டில் இரண்டு சர்க்குலர் நிட்டிங் மெஷின்கள். கையால் போட்டுப் பார்க்க வசதியாக எண்களை முழுமையாக்கியிருக்கிறேன். மணி என்பது இரண்டு மெஷினும் சேர்ந்து ஓடியது.

| பில் மாதம் | மெஷின் மணி | லெட்ஜர்படி ரூ. | சுத்தம் செய்த பின் ரூ. |
|---|---|---|---|
| ஜனவரி | 400 | 47,000 | 47,000 |
| பிப்ரவரி | 500 | 53,600 | 53,600 |
| மார்ச் | 600 | 61,400 | 61,400 |
| ஏப்ரல் | 450 | 52,000 | 52,000 |
| மே | 550 | 63,000 | 56,800 |
| ஜூன் | 500 | 53,200 | 53,200 |

மே மாதத்து 63,000 ரூபாயில் 6,200 ரூபாய் கூடுதல் வைப்புத்தொகை. அதை எடுத்துவிட்டால் 56,800. ஜனவரியில் மணி குறைந்தது பொங்கல் விடுமுறையால். அதைப் பார்த்ததும் இது வழக்கமான மாதம் இல்லையே, தூக்கிவிடலாமா என்று தோன்றும். வேண்டாம். மெஷின்கள் கோளாறில்லாமல் குறைந்த நேரம் ஓடின, அவ்வளவுதான். குறைந்த ஓட்டத்தில் செலவு என்ன ஆகும் என்று காட்டுவதே அந்த மாதம்தான். பாதி நாள் ஜெனரேட்டரில் ஓடியிருந்தால் கதை வேறு, அப்போது விட்டுவிடலாம்.

## 3. ஹை-லோ: மாதத்தைத் தேர்ந்தெடுப்பது மணியைப் பார்த்து

தேர்வில் அதிகம் பேர் மதிப்பெண்ணைத் தொலைக்கும் இடம் இது. அதிக மாதம், குறைந்த மாதம் என்றால் மணி அதிகமான மாதம், மணி குறைந்த மாதம். செலவு அதிகமான மாதம் அல்ல. கேள்வி அமைப்பவர்கள் இரண்டும் வேறு வேறு மாதமாக இருக்கும்படி வேண்டுமென்றே எண்களைப் போடுவதும் உண்டு.

நமக்கு மணி அதிகம் மார்ச் (600), குறைவு ஜனவரி (400).

செலவு வித்தியாசம்: 61,400 − 47,000 = 14,400
மணி வித்தியாசம்: 600 − 400 = 200
ஒரு மணிக்கு மாறும் செலவு: 14,400 ÷ 200 = 72 ரூபாய்

மார்ச்சில் மாறும் செலவு 600 × 72 = 43,200. எனவே நிலையான செலவு 61,400 − 43,200 = 18,200. இதை ஜனவரியிலும் போட்டுப் பாருங்கள்: 47,000 − 28,800 = 18,200. இரண்டிலும் ஒரே தொகை வந்தால் கூட்டல் கழித்தலில் பிழை இல்லை. அரை நிமிட வேலை, தவறாமல் செய்யுங்கள். ஆனால் ஒரு விஷயம், இந்தச் சோதனை கணக்கைத்தான் சோதிக்கும். மாதங்களைத் தப்பாகத் தேர்ந்தெடுத்திருந்தாலும் விடை இரண்டிலும் பொருந்தத்தான் செய்யும்.

லெட்ஜர் தொகையை அப்படியே எடுத்து, செலவு அதிகமான மாதம் என்று மேயைப் பிடித்திருந்தால்? 16,000-ஐ 150 மணியால் வகுத்து மணிக்கு சுமார் 106 ரூபாய் 67 பைசா வரும், நிலையான செலவு வெறும் 4,333. இப்போது பில்லை எடுத்து நிலைக் கட்டண வரியைப் பாருங்கள். அந்த ஒரு வரியே உதாரணத்துக்கு 9,000 ரூபாய் என்றால், மொத்த நிலையான செலவு 4,333 ஆக இருக்க வழியே இல்லை. மின் செலவில் இந்த வசதி உண்டு: நம் விடையை உரசிப் பார்க்க பில்லிலேயே ஒரு எண் இருக்கிறது. நாம் கண்டுபிடித்த `a` அந்த நிலைக் கட்டணத்தைவிடக் கூடுதலாக இருப்பது இயல்பு. ஷெட் விளக்கு, அலுவலகத்து மின்விசிறி, ஓட்டம் எப்படி இருந்தாலும் எரியும் மற்றவை எல்லாம் அதில் சேரும். குறைவாக வந்தால் மட்டும் எங்கோ தப்பு. நிலையான செலவு மைனஸில் வந்தாலும் அதேதான்.

## 4. கேள்வியில் வரும் இரண்டு திருப்பங்கள்

முதல் திருப்பம், நிலையான செலவு ஒரு அளவுக்கு மேல் ஒரு படி ஏறுவது. வேறு ஒரு கணக்கு: 8,000 அலகுக்கு 1,90,000 ரூபாய், 12,000 அலகுக்கு 2,50,000 ரூபாய். 10,000 அலகைத் தாண்டினால் நிலையான செலவு 20,000 ரூபாய் கூடும். 11,000 அலகுக்கு என்ன செலவு?

கழிப்பதற்கு முன்னால் இரண்டு பக்கத்தையும் ஒரே படிக்குக் கொண்டுவர வேண்டும். மேல் செலவிலிருந்து 20,000-ஐ எடுத்தால் 2,30,000. வித்தியாசம் 40,000, அலகு வித்தியாசம் 4,000, ஆக அலகுக்கு 10 ரூபாய். 10,000 அலகு வரை நிலையான செலவு 1,90,000 − 80,000 = 1,10,000. அதற்கு மேல் 1,30,000. 11,000 அலகுக்கு 1,30,000 + 1,10,000 = 2,40,000 ரூபாய். படியைக் கவனிக்காமல் போட்டால் அலகுக்கு 15 ரூபாயும் மொத்தம் 2,35,000 ரூபாயும் வரும். பார்க்க நம்பும்படியான எண் என்பதால் தப்பு என்று தோன்றவே தோன்றாது. கடைசி வரியில் மேல் படியின் நிலையான செலவைச் சேர்க்க மறந்துவிடுவதும் நடக்கும். விடை எழுதும் முன் நாம் எந்தப் படியில் நிற்கிறோம் என்று ஒரு முறை பாருங்கள்.

இரண்டாவது, மொத்தச் செலவுக்குப் பதில் ஒரு அலகுக்கான செலவைக் கொடுப்பது. அலகால் பெருக்கி மொத்தமாக்கிய பிறகுதான் ஹை-லோ. ஒரு அலகுச் செலவுகளை நேராகக் கழித்தால் அர்த்தமே இல்லை.

## 5. ரிக்ரஷன் கையால்

ஹை-லோ ஆறு மாதத்தில் இரண்டை மட்டும் பார்க்கிறது, மற்ற நான்கு மாதம் இருந்ததும் இல்லாததும் ஒன்று. ரிக்ரஷன் ஆறையும் எடுத்து, எல்லாப் புள்ளிகளுக்கும் ஒட்டி ஓடும் கோட்டைத் தருகிறது. ஒவ்வொரு மாதத்திலும் கோடு காட்டும் செலவுக்கும் நடந்த செலவுக்கும் உள்ள வித்தியாசத்தின் வர்க்கங்களைக் கூட்டினால், அந்தக் கூட்டுத்தொகை மிகக் குறைவாக இருக்கும் கோடு அது.

கையால் போடும்போது முழு எண்களைப் பெருக்கும் சூத்திரத்தைவிட, சராசரியிலிருந்து விலகலை எடுத்துப் போடுவது எனக்குப் பிடித்தது. எண்கள் சின்னதாக இருக்கும், கால்குலேட்டரில் ஒரு பூஜ்யம் தவறிவிடும் பயம் இல்லை. மொத்த மணி 3,000, சராசரி 500. மொத்தச் செலவு 3,24,000, சராசரி 54,000.

| மாதம் | மணி விலகல் | செலவு விலகல் | இரண்டின் பெருக்கல் | மணி விலகலின் வர்க்கம் |
|---|---|---|---|---|
| ஜனவரி | −100 | −7,000 | 7,00,000 | 10,000 |
| பிப்ரவரி | 0 | −400 | 0 | 0 |
| மார்ச் | 100 | 7,400 | 7,40,000 | 10,000 |
| ஏப்ரல் | −50 | −2,000 | 1,00,000 | 2,500 |
| மே | 50 | 2,800 | 1,40,000 | 2,500 |
| ஜூன் | 0 | −800 | 0 | 0 |
| மொத்தம் | 0 | 0 | 16,80,000 | 25,000 |

முதல் இரண்டு விலகல் பத்திகளும் பூஜ்யத்துக்குக் கூட வேண்டும். கூடவில்லை என்றால் மேலே போகாதீர்கள், அங்கேயே பிழை இருக்கிறது.

`b` = 16,80,000 ÷ 25,000 = 67.20 ரூபாய்
`a` = 54,000 − (67.20 × 500) = 20,400 ரூபாய்

சராசரி 500.37 என்பது போல இழுத்தால் விலகல் முறை தலைவலி. அப்போது நேர்ச் சூத்திரத்துக்குப் போய்விடுங்கள்:

```
b = (nΣxy − Σx·Σy) / (nΣx² − (Σx)²)
a = (Σy − bΣx) / n
```

நம் எண்களுக்கு மேலே 1,00,80,000, கீழே 1,50,000, அதே 67.20. இதில் `Σx²` வேறு, `(Σx)²` வேறு. முதலாவது தனித்தனியாக வர்க்கம் எடுத்துக் கூட்டியது (15,25,000), இரண்டாவது கூட்டிவிட்டு வர்க்கம் எடுத்தது (90,00,000). அவசரத்தில் இரண்டும் இடம் மாறிப் போகும்.

## 6. ஷீட்டில் போடும்போது

வேலையிடத்தில் யாரும் கையால் போடப் போவதில்லை. எக்செல் இல்லாவிட்டால் காசில்லாமல் கிடைக்கும் லிப்ரே ஆஃபீஸ் போதும், இந்தக் கட்டளைகள் இரண்டிலும் ஒன்றே. மணி B பத்தியிலும் சுத்தம் செய்த செலவு C பத்தியிலும் இருப்பதாக வைத்துக்கொள்வோம்.

```
=SLOPE(C2:C7,B2:B7)
=INTERCEPT(C2:C7,B2:B7)
=RSQ(C2:C7,B2:B7)
=STEYX(C2:C7,B2:B7)
```

வர வேண்டியவை 67.2, 20400, 0.97, சுமார் 936. நினைவில் வைக்க வேண்டியது, செலவுப் பத்தியைத்தான் முதலில் கொடுக்க வேண்டும். மாற்றிக் கொடுத்தால் ஷீட் பிழை என்று சொல்லாது. `SLOPE` 0.0144 என்று ஒரு குட்டி எண்ணைக் காட்டும், `INTERCEPT` மைனஸ் 279 காட்டும். `RSQ` மட்டும் மாறாமல் அதே 0.97 காட்டும், அதைப் பார்த்துச் சரியாக இருக்கிறது என்று ஏமாந்துவிடக் கூடாது.

சுத்தம் செய்யாத மே தொகையை வைத்துப் போட்டால் `b` 79.60 ஆகவும் `a` சுமார் 15,233 ஆகவும் மாறும். ஒரே ஒரு வைப்புத்தொகை மொத்தக் கோட்டையும் சாய்த்துவிடுகிறது. இத்தனைக்கும் ஹை-லோவில் அதே தப்பு எந்தப் பாதிப்பும் செய்திருக்காது, ஏனென்றால் மணியை வைத்துத் தேர்ந்தெடுத்தால் மே உள்ளேயே வராது. ரிக்ரஷன் எல்லாத் தரவையும் பயன்படுத்துகிறது என்று பெருமையாகச் சொல்வோம். கெட்ட தரவையும் சேர்த்தேதான் பயன்படுத்துகிறது. ஆகவே எண்களைப் போடும் முன் ஒரு புள்ளி வரைபடம் எடுத்துப் பாருங்கள், கோட்டை விட்டு விலகி நிற்கும் மாதம் கண்ணில் படும். அந்த மாதத்துப் பில்லைத் தேடி எடுங்கள். காரணம் கிடைத்தால் திருத்துங்கள். காரணம் கிடைக்காமல், கோட்டில் ஒட்டவில்லை என்பதற்காக மட்டும் மாதத்தைத் தூக்கக் கூடாது.

`RSQ` 0.97 என்றால், மாதத்துக்கு மாதம் செலவு ஏறி இறங்கியதில் 97 சதவீதத்தை மணியே விளக்குகிறது. இது 0.3 போல வந்தால் மணி இந்தச் செலவுக்குப் பொருத்தமான அளவுகோல் இல்லை என்று அர்த்தம். வேறு எதையாவது முயன்று பார்க்க வேண்டும், கிலோ கணக்கில் துணி உற்பத்தி, ஷிஃப்ட் எண்ணிக்கை என்று.

## 7. எந்த விடையை எடுப்பது, எதுவரை நம்புவது

அடுத்து ஒரு ஆர்டருக்கு 580 மணி தேவைப்படுகிறது என்றால்,

ஹை-லோ: 18,200 + (580 × 72) = 59,960
ரிக்ரஷன்: 20,400 + (580 × 67.20) = 59,376

வித்தியாசம் 584 ரூபாய். `STEYX` தந்த 936 என்பது, நடந்த செலவு கோட்டிலிருந்து வழக்கமாக எவ்வளவு விலகி நிற்கிறது என்ற அளவு. வித்தியாசம் அதற்குள்ளேயே அடங்கிவிட்டதால், இந்த ஆர்டருக்கு எது சரி என்று மல்லுக்கு நிற்பதில் பயனில்லை. 59,500 என்று சொல்லிவிட்டுப் போகலாம். அந்த ஆர்டர் ஜூலைக்கு மேல் ஓடப்போகிறது, கட்டணமும் கூடிவிட்டது என்றால் கதை வேறு. நிலைக் கட்டணமும் யூனிட் கட்டணமும் 5 சதவீதம் கூடியதாக வைத்தால் 59,376 என்பது 62,345 ஆகிவிடும். முறைகளுக்கு இடையே இருந்த வித்தியாசத்தைவிட இது பல மடங்கு பெரிது.

மேலாளர் அவசரமாகக் கேட்டால் ஹை-லோ போதும். ஆனால் ஒரு மணிக்கான செலவை வைத்து ஜாப் ஒர்க்குக்கு விலை சொல்லப் போகிறீர்கள் என்றால் ரிக்ரஷனைத்தான் எடுப்பேன். 72-க்கும் 67.20-க்கும் உள்ள 4 ரூபாய் 80 பைசா ஒவ்வொரு மணிக்கும் சேர்ந்துகொண்டே போகும். தேர்வில் இந்தத் தேர்வு நம் கையில் இல்லை, கேள்வி எந்த முறையைச் சொல்கிறதோ அதைத்தான் போட வேண்டும்.

எந்த முறையானாலும் நம் தரவு 400 முதல் 600 மணி வரைதான் பேசுகிறது. 900 மணிக்கு ரிக்ரஷன் 80,880 என்று சொல்லும். அதை அப்படியே பட்ஜெட்டில் எழுதாதீர்கள். அந்த அளவுக்கு ஓட்ட மூன்றாவது மெஷின் வேண்டியிருக்கலாம், லோடைக் கூட்டி வாங்க வேண்டியிருக்கலாம். கூட்டினால் நிலைக் கட்டணமே ஒரு படி ஏறிவிடும், பழைய 20,400 செல்லாது. கீழ்ப்பக்கமும் அப்படித்தான். மெஷினே ஓடாவிட்டால் பில் 20,400 வரும் என்று இந்தக் கோட்டை வைத்துச் சொல்ல முடியாது, பூஜ்யத்துக்குப் பக்கத்தில் நம்மிடம் ஒரு மாதம்கூட இல்லை.

## 8. ஃபைலில் எதை வைப்பது, எப்போது திரும்பப் போடுவது

ஆடிட்டரோ மேலாளரோ ஆறு மாதம் கழித்து வந்து கேட்பது 67.20 எப்படி வந்தது என்பதை அல்ல. மே மாதத்தில் லெட்ஜரில் 63,000 இருக்கும்போது நீங்கள் ஏன் 56,800 எடுத்தீர்கள் என்பதைத்தான். எனவே ஷீட்டில் லெட்ஜர் தொகை, கழித்த தொகை, காரணம், பில் எண் என்று நான்கு பத்தியையும் விட்டுவையுங்கள். பில்லின் ஜெராக்ஸில் அந்த வரியை மார்க்கரால் கோடிட்டுப் பின்னால் சேருங்கள். ரீடிங் தேதிகளையும் எழுதுங்கள்.

கட்டணம் மாறினால், லோடு மாறினால், மெஷின் வந்தாலோ போனாலோ கோட்டைப் புதிதாகப் போட வேண்டும். கட்டணம் மட்டும் மாறியிருந்தால் பழைய பில்களைப் புதிய விலைக்கு மாற்றி அன்றே போட்டுவிடலாம். மெஷின் மாறியிருந்தால் பழைய மாதங்கள் உதவாது, புதிய பில்கள் ஐந்தாறு சேரும் வரை காத்திருங்கள். அதுவரை பில்லின் நிலைக் கட்டணத்தையும், புதிய மெஷினின் கிலோவாட்டை யூனிட் விலையால் பெருக்கி வரும் மணிக் கணக்கையும் வைத்து ஓட்டிக்கொள்ளலாம். மெஷினில் எழுதியிருக்கும் கிலோவாட் முழு லோடுக்கானது, நிஜத்தில் இழுப்பது அதைவிடக் குறைவாக இருக்கும் என்பதால் அந்தக் கணக்கு கொஞ்சம் தூக்கலாகவே வரும்.